டெலஸ்கோப் வாங்குறதுக்கு முன்னாடி பைனாகுலர் பத்தி யாராச்சும் எனக்குச் சொல்லிருக்கலாம்

வானத்தப் பாக்கணும்னு ஆசையா இருக்குன்னு யார்கிட்ட சொன்னாலும் உடனே வர்ற பதில் "ஒரு சின்ன டெலஸ்கோப் வாங்கிக்கோ"ன்றதுதான். எனக்கும் அதான் சொன்னாங்க. என் ஆசை ரொம்ப சிம்பிள், சனியோட வளையத்தையும் ஆண்ட்ரோமீடா கேலக்ஸியையும் என் கண்ணால பாக்கணும், போட்டோல இல்ல, நேர்ல. அந்த ரெண்டுக்கும் ரெண்டு வேற மாதிரி கருவி வேணும்ன்ற ஒரு விஷயத்த அப்போ யாராச்சும் சொல்லிருந்தா பல மாசம் மிச்சமாயிருக்கும், காசும் மிச்சமாயிருக்கும். டெலஸ்கோப்ப கடைசில பாதி விலைக்கும் கம்மியாத்தான் விக்க முடிஞ்சது. அதுக்கு அடுத்து வாங்கின முதல் பைனாகுலர்ல போட்ட காசு சுத்தமா போச்சு. இப்போ வாங்க யோசிச்சிட்டு இருக்கவங்களுக்கு அது நடக்கக் கூடாதுன்னுதான் நடந்தத அப்படியே வரிசையா எழுதுறேன்.

நான் வாங்கினது 70 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள டெலஸ்கோப், லென்ஸ்ல இருந்து வெளிச்சம் குவியுற தூரம், அதாவது ஃபோகல் லென்த், 700 மில்லிமீட்டர். ஆரம்பத்துல வாங்குறவங்களுக்குன்னு விக்கிற சாதாரண வகை, கூடவே ஒல்லியான அலுமினிய ட்ரைபாட், கண்ண வச்சுப் பாக்குற ஐபீஸ் 20 மில்லிமீட்டர்ல ஒண்ணு, 4 மில்லிமீட்டர்ல ஒண்ணு, அப்புறம் ஐபீஸோட சேத்து மாட்டினா இன்னும் மூணு மடங்கு பெருசாக்குற பார்லோ லென்ஸ். அட்டைப்பெட்டி மேல பெருசா 525 மடங்குன்னு போட்டிருந்துச்சு. இந்த 525 எங்கருந்து வருதுன்னு தெரிஞ்சிக்கிட்டா பாதி ஏமாற்றம் குறைஞ்சிடும். டெலஸ்கோப்போட ஃபோகல் லென்த்த ஐபீஸோட ஃபோகல் லென்த்தால வகுத்தா எத்தன மடங்குன்னு வரும், 700ஐ 4ஆல வகுத்தா 175, அத பார்லோவோட 3ஆல பெருக்கினா 525. கணக்கு சரிதான், பொய் இல்ல. ஆனா ஒரு லென்ஸ் எவ்வளவு பெருசாக்கினா உருவம் தெளிவா இருக்கும்ன்றதுக்கு ஒரு எல்லை இருக்கு, லென்ஸோட விட்டம் எத்தன மில்லிமீட்டரோ அதோட ரெண்டு மடங்கு, அவ்வளவுதான். 70 மில்லிமீட்டருக்கு 140. அதுக்கு மேல போனா படம் பெருசாகும், ஆனா புதுசா ஒரு விவரமும் வராது, மங்கலா கலங்கலாத்தான் தெரியும். அதனால அந்தப் பெட்டில இருந்த 4 மில்லிமீட்டர் ஐபீஸே எல்லைய தாண்டுது, பார்லோ சேத்தா கேக்கவே வேணாம்.

முதல் ராத்திரி நிலாவப் பாத்தேன், அது நெஜமாவே அற்புதமா இருந்துச்சு, அத மறைக்க விரும்பல. 20 மில்லிமீட்டர் ஐபீஸ்ல 35 மடங்கு, பள்ளங்களோட ஓரத்துல நிழல் விழுந்து கிடக்குறது அவ்வளவு துல்லியம். அந்த சந்தோஷத்துலதான் 4 மில்லிமீட்டர மாட்டினேன். அங்கதான் எல்லாம் ஆரம்பிச்சது. ஃபோகஸ் குமிழத் தொட்டா நிலா ஆடுது, கைய எடுத்தா ஆட்டம் நிக்க அஞ்சாறு செகண்டு ஆகுது, நின்னதும் பாத்தா ஃபோகஸ் சரியில்ல, மறுபடி தொட்டா மறுபடி ஆட்டம். அதுக்குள்ள நிலாவே நகர்ந்து போயிடுது. பூமி ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி சுத்துது, அந்த ஐபீஸ்ல தெரியுற வானத்தோட அகலம் கால் டிகிரிக்கும் கம்மி, அதனால நடுவுல கொண்டுவந்து வச்ச எதுவா இருந்தாலும் அரை நிமிஷத்துல வெளிய போயிடும். இது கெட்டுப்போன பீஸ்னு நெனச்சேன். அப்படி இல்ல, அந்த ட்ரைபாட் அந்த மாதிரி மடங்குக்குத் தாங்காது, அவ்வளவுதான்.

கடையில வச்சே இத டெஸ்ட் பண்ண ஒரு வழி இருக்கு. தூரத்துல இருக்குற ஒரு பொருளுக்கு ஃபோகஸ் வச்சிட்டு குழாய விரலால லேசா ஒரு தட்டு தட்டுங்க, கண்ண ஐபீஸ்ல வச்சிட்டு ஆட்டம் நிக்க எத்தன செகண்டு ஆகுதுன்னு எண்ணுங்க. ரெண்டு மூணு செகண்டுக்குள்ள அடங்கினா பொழைக்கலாம். அஞ்சுக்கு மேல போனா அந்த லென்ஸ் எவ்வளவு நல்லதா இருந்தாலும் வேண்டாம். சின்ன டெலஸ்கோப்ல காசு எங்க மிச்சம் பிடிக்கிறாங்கன்னா முக்கால்வாசி ஸ்டாண்டுலதான், பெட்டில அதப்பத்தி ஒரு வார்த்தை இருக்காது.

சரி, நிலா ஆச்சு, அடுத்து ஆண்ட்ரோமீடா. 25 லட்சம் ஒளியாண்டு தூரத்துல இருக்குற கேலக்ஸி, நல்ல இருட்டான இடத்துல வெறும் கண்ணுக்கே மங்கலா ஒரு தீற்றல் மாதிரி தெரியும்னு படிச்சிருந்தேன். வெறும் கண்ணுக்கே தெரியும்னா டெலஸ்கோப்ல அள்ளும்னு நெனக்கிறது இயல்புதான. ஒவ்வொரு தெளிவான ராத்திரியும் தேடினேன். கிடைக்கவே இல்ல. குறி பாக்குறதுக்குன்னு குழாய் மேல இருந்த ஃபைண்டர் ஒரு சின்ன பிளாஸ்டிக் குழல், அதுல பாத்தா வெறும் கண்ணுல தெரியுறதவிட கம்மியாத்தான் தெரிஞ்சது, அது காட்டுற இடமும் டெலஸ்கோப் காட்டுற இடமும் ஒண்ணாவே இருக்காது. கழுத்த வளச்சு, முட்டி போட்டு, மேல நேரா இருக்குறத பாக்க தரையில உக்காந்து, முதுகு போனதுதான் மிச்சம். ஒரு கட்டத்துல எனக்குத்தான் கண்ணு சரியில்லையோ, இதெல்லாம் படிச்சவங்களுக்கு மட்டும்தான் வருமோன்னு மனசு விட்டுப்போச்சு. கோவமும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. டெலஸ்கோப் பெட்டிக்குள்ள போயிடுச்சு, ரொம்ப நாள் அத எடுக்கவே மனசு வரல.

அப்புறம் வானம் பாக்குறவங்க சேர்ந்து நடத்துன ஒரு ராத்திரிக்குப் போனேன். பெரிய பெரிய டெலஸ்கோப்பெல்லாம் வரிசையா நின்னுச்சு, ஆனா ஓரத்துல ஒரு பெரியவர் சாய்வு நாற்காலில படுத்தாப்புல கழுத்துல பத்து மடங்கு காட்டுற ஒரு பழைய 10×50 பைனாகுலரோட இருந்தார். என் கதைய சொன்னேன். அவர் சிரிக்கல, "எத்தன மடங்குல தேடுனம்மா?"ன்னு மட்டும் கேட்டார். 35ன்னேன். "அதான்மா. தெருவே தெரியாம வீட்டு நம்பரத் தேடிட்டு இருந்திருக்க. இதப் புடி"ன்னு பைனாகுலரக் கழட்டிக் குடுத்தார்.

அவர் சொல்லிக் குடுத்தத அப்படியே எழுதுறேன், ஏன்னா இந்த ஒரு தேடல்லயே ரெண்டு கருவிக்கும் இருக்குற வித்தியாசம் முழுசா புரிஞ்சிடும். பூரட்டாதி ரெண்டு, உத்திரட்டாதி ரெண்டு, இந்த நாலும் சேந்து வானத்துல ஒரு பெரிய சதுரம் போடும். அதோட வடகிழக்கு மூலையில இருக்குறது அல்ஃபெராட்ஸ். அங்கருந்து சதுரத்துக்கு வெளிய ஒரு வரிசையா நட்சத்திரம் போகும், முதல்ல கொஞ்சம் மங்கலா ஒண்ணு, அடுத்து பளிச்சுன்னு மிராக். மிராக்ல நின்னு வடமேற்குப் பக்கம் திரும்பினா நாலு டிகிரி தள்ளி மியூ ஆண்ட்ரோமீடான்னு சுமாரான ஒரு நட்சத்திரம், அதே திசையில கிட்டத்தட்ட அதே நாலு டிகிரி இன்னும் போனா கேலக்ஸி. 10×50 பைனாகுலர்ல தெரியுற வானம் ஆறரை டிகிரி அகலம். கைய நீட்டி மூணு விரல சேத்து வச்சா அஞ்சு டிகிரி வரும், அதவிட கொஞ்சம் பெருசு. அதனால மிராக்க வட்டத்தோட ஒரு ஓரத்துல வச்சா மியூ அதே வட்டத்துக்குள்ள தானா தெரியுது, மியூவ அந்த ஓரத்துக்குக் கொண்டுபோனா கேலக்ஸி உள்ள வந்து நிக்குது. ரெண்டே தாவல். நடுவுல கொஞ்சம் வெளிச்சமா, ரெண்டு பக்கமும் நீளமா மங்கிப் போற ஒரு முட்டை வடிவ ஒளி. போட்டோல வர்ற நீலமும் சுருளும் இல்ல, சாம்பல் நிறம்தான், ஆனா அது நெஜம். எனக்கு பேச்சே வரல.

இதே வேலைய என் டெலஸ்கோப்ல எப்படி பண்ணிருப்பேன்னு பாருங்க. 20 மில்லிமீட்டர் ஐபீஸ்ல தெரியுற வானம் ஒரு டிகிரி சொச்சம், கைய நீட்டி சுண்டு விரல் அகலம் அவ்வளவுதான். மிராக்ல இருந்து எட்டு டிகிரி போகணும், வழியில எந்த நட்சத்திரம் எதுன்னு தெரியாது, அந்த மாதிரி லென்ஸ்கூட வர்ற கண்ணாடி பிரிசம் படத்த வலம் இடமா வேற திருப்பிக் காட்டும். ஒரு பக்கம் நகத்தினா நட்சத்திரம் நாம நெனச்சதுக்கு எதிர்ப்பக்கம் ஓடும். பைனாகுலர்ல வானம் வெறும் கண்ணுல தெரியுற மாதிரியே நேராத் தெரியும், நட்சத்திரப் படம் பாத்து அப்படியே ஒப்பிடலாம். பரப்பளவா பாத்தா ஒரு பார்வைக்கு டெலஸ்கோப்பவிட முப்பது மடங்குக்கும் மேல வானம் பைனாகுலர்ல தெரியுது. இன்னொண்ணு, ஆண்ட்ரோமீடா நிலாவவிட பல மடங்கு நீளம், அவ்வளவு பெரிய மங்கலான பொருள ஒரு டிகிரி வட்டத்துக்குள்ள பாத்தா அதோட ஓரமே தெரியாது, சுத்தி இருக்குற இருட்டோட ஒப்பிட முடியாததால கண்ணு அத கேலக்ஸின்னே எடுத்துக்காது. நான் அந்த மாசங்கள்ல அது மேலயே கூட போயிருக்கலாம், தெரிஞ்சிருக்காது.

கார்த்திகையும் அப்படித்தான். டெலஸ்கோப்ல அந்தக் கூட்டம் முழுசா வட்டத்துக்குள்ள அடங்கல, நாலு நட்சத்திரம் அங்க இங்க தெரியும், கூட்டம்ன்ற உணர்வே வராது. பைனாகுலர்ல முழுசும் நடுவுல வந்து நிக்கும், சுத்தி இருட்டும் இருக்கும். விருச்சிகத்தோட வால் பக்கத்துல எம்6, எம்7ன்னு ரெண்டு நட்சத்திரக் கூட்டம், ரெண்டும் சேந்து ஒரே பார்வையில வரும். ஓரியனோட வாள்ல இருக்குற நெபுலான்ற வாயு மேகமும் பைனாகுலர்லயே புகை மாதிரி தெரியும். ஆரம்பத்துல வானத்தக் கத்துக்குற காலத்துல தேடுற பொருள்ல பெரும்பாலானது இந்த மாதிரி அகலமானதுதான்.

அந்த ராத்திரி வீட்டுக்கு வந்ததும் ஆன்லைன்ல ஒரு 10×50 ஆர்டர் போட்டேன், இருக்குறதுலயே மலிவானது. இங்க ரெண்டாவது அடி. வந்தத எடுத்துப் பாத்தா முதல் பத்து நிமிஷம் நல்லா இருக்கு, அப்புறம் நெத்திப் பொட்டுல வலி, கண்ணுக்குப் பின்னாடி இழுக்குற மாதிரி ஒரு உணர்வு. புதுசு, பழகிடும்னு விட்டுட்டேன். திருப்பி அனுப்புற கெடு முடிஞ்சப்புறம்தான் அந்தப் பெரியவர்கிட்ட கொண்டுபோய் காட்டினேன். அவர் கண்ணுல வச்ச ஒடனே "இது ரெண்டு பக்கமும் ஒண்ணா சேரலம்மா"ன்னார். பைனாகுலர்ல ரெண்டு குழாயும் துல்லியமா ஒரே திசையப் பாக்கணும். கொஞ்சம் விலகியிருந்தாலும் மூளை அத இழுத்துப் பிடிச்சு ஒரே படமா ஆக்கிடும், அந்த இழுப்புதான் தலைவலி. கண்டுபிடிக்கிறது லேசு. பகல்ல தூரத்துல ஒரு மொட்டைமாடிச் சுவரோட விளிம்பு மாதிரி நேர் கோடு ஒண்ணப் பாருங்க, பாத்துக்கிட்டே பைனாகுலர மெதுவா கண்ணுல இருந்து ஒரு பத்து சென்டிமீட்டர் தள்ளிக் கொண்டுபோங்க. மூளையால அப்போ இழுத்துப் பிடிக்க முடியாது. இடது வட்டத்துல கோடு ஒரு உயரத்துலயும் வலது வட்டத்துல வேற உயரத்துலயும் இருந்தா அது சரியில்லாத பீஸ். வாங்கின அன்னிக்கே இதப் பண்ணுங்க, கெடு முடியுறவரைக்கும் காத்திருக்காதீங்க.

அவர் இன்னொரு டெஸ்டும் காட்டினார். பைனாகுலர கைநீட்டி தள்ளிப் பிடிச்சு வெளிச்சமான சுவரப் பாத்தா ஐபீஸ் ரெண்டுலயும் சின்ன வெளிச்ச வட்டம் தெரியும். அது முழு வட்டமா இருக்கணும். என்னோடதுல நாலு பக்கமும் வெட்டின மாதிரி சதுரமா, ஓரம் சாம்பலா இருந்துச்சு, உள்ள இருக்குற பிரிசம் மட்டமானதுன்னு அர்த்தம். நல்லதுல பேக்-4ன்னு ஒரு கண்ணாடி போடுவாங்க, உடம்பு மேல எழுதியிருக்கும், ஆனா எழுத்த நம்பாம வட்டத்த நம்புங்க. அப்புறம் 50ன்னு போட்டிருந்தாலும் நெஜமாவே 50 இருக்கான்னு பாக்கணும். தூரத்துக்கு ஃபோகஸ் வச்சிட்டு, இருட்டு ரூம்ல போன் டார்ச்ச ஐபீஸ்ல இருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிச்சா முன் லென்ஸ் வழியா ஒரு வெளிச்ச வட்டம் பக்கத்துச் சுவர்ல விழும். அத ஸ்கேல் வச்சு அளங்க. உள்ள வளையம் போட்டு அடைச்சிருந்தா 50க்குப் பதிலா 40தான் வரும். என்னோடதுல அப்படித்தான் வந்துச்சு. லென்ஸ் செக்கச்செவேல்னு பளபளன்னு இருந்தா அது அழகுக்குப் போட்ட பூச்சு, வானத்துக்கு வேண்டாம். முழுக்க பல அடுக்குப் பூச்சுன்னு சொல்றது பச்சை, ஊதா மாதிரி மங்கலா மினுங்கும்.

எந்த நம்பர் வாங்குறதுன்னு பாத்தா, முதல் எண் எத்தன மடங்கு, ரெண்டாவது முன் லென்ஸோட விட்டம். ரெண்டாவத முதலால வகுத்தா கண்ணுக்குள்ள வர்ற வெளிச்சக் கற்றையோட அகலம் வரும், 10×50க்கு 5 மில்லிமீட்டர், 7×50க்கு 7. இருட்டுல நம்ம கண்ணோட பாவை இளவயசுல 7 மில்லிமீட்டர் வரைக்கும் விரியும், வயசாக ஆக சுருங்கி 5 கிட்ட வந்துடும், அதனால நடுவயசு தாண்டினவங்களுக்கு 7×50ல வர்ற வெளிச்சத்துல ஒரு பங்கு கண்ணுக்குள்ளயே போகாது. தெரு விளக்கு வெளிச்சம் இருக்குற ஊர்ல இருந்து பாக்குறவங்களுக்கும் 10×50தான் நல்லது, பின்னணி வானம் கொஞ்சம் கறுப்பாத் தெரியும். கை நடுங்குறவங்களுக்கு, பத்து நிமிஷம் தூக்கிப் பிடிச்சா தோள் வலிக்குறவங்களுக்கு 8×42 எடுத்துக்கலாம், எடை குறையும். ஆனா 15×70, 20×80ன்னு பெருசப் பாத்து மயங்காதீங்க, பத்து மடங்குக்கு மேல போனா கையில பிடிச்சு நிதானமா பாக்க முடியாது, கண்டிப்பா ட்ரைபாட் வேணும், அந்த ட்ரைபாட் மறுபடி என் பழைய கதை. 10லருந்து 30 வரைக்கும் திருகி மாத்துற ஜூம் பைனாகுலரும் வேண்டாம், குறைஞ்ச மடங்குல வானம் குறுகலா தெரியும், மடங்கு கூடக் கூட ரெண்டு பக்கமும் விலகிடும்.

பிடிக்கிறதுலயும் ஒரு விஷயம் இருக்கு. நின்னுக்கிட்டு தலைய அண்ணாந்து பாத்தா எவ்வளவு நல்ல பைனாகுலரும் ஆடும். சாய்வு நாற்காலியோ தரையில பாயோ, படுத்துக்கிட்டு முழங்கைய எதுலயாச்சும் ஊனிக்கிட்டுப் பாத்தா தெரியுற நட்சத்திரமே அதிகமாயிடும். கண்ணுக்கு ஏத்த மாதிரி செட் பண்ண, வலது கண்ண மூடிட்டு நடுச் சக்கரத்தால இடது கண்ணுக்கு ஒரு நட்சத்திரத்த புள்ளியாக்குங்க, அப்புறம் இடத மூடிட்டு வலது ஐபீஸ்ல இருக்குற வளையத்த மட்டும் திருகி அதே நட்சத்திரத்த புள்ளியாக்குங்க. வெறும் கிட்டப்பார்வை தூரப்பார்வைன்னா கண்ணாடியக் கழட்டிடலாம், ஃபோகஸே அத சரி பண்ணிடும். சிலிண்டர் பவர் அதிகமா இருக்கவங்க கண்ணாடியோடத்தான் பாக்கணும், அவங்க ஐ ரிலீஃப், அதாவது ஐபீஸ்ல இருந்து கண்ண எவ்வளவு தள்ளி வச்சும் முழு வட்டமும் தெரியும்ன்ற தூரம், 15 மில்லிமீட்டருக்கு மேல இருக்கான்னு கேட்டு வாங்கணும்.

இவ்வளவு சொன்னதால பைனாகுலர் எல்லாத்தையும் காட்டும்னு நெனச்சிடாதீங்க. சனி வளையம் காட்டாது. வியாழனோட நாலு நிலாவும் நிதானமா பிடிச்சா பத்து மடங்குலயே சின்னப் புள்ளிகளாத் தெரியும், ஆனா சனி கொஞ்சம் நீண்ட புள்ளி, அவ்வளவுதான். கலிலியோ 1610ல சனியப் பாத்தப்போ அவர் டெலஸ்கோப் இருபது மடங்கு கிட்ட காட்டிச்சு, அவருக்கே மூணு உருண்டை ஒட்டி இருக்குற மாதிரித்தான் தெரிஞ்சது, அது வளையம்னு ஹைகன்ஸ்ன்ற விஞ்ஞானி எழுதினது 1659ல. இன்னிக்கு உள்ள நல்ல லென்ஸ்ல 25, 30 மடங்கு இருந்தாத்தான் வளையம் தனியா பிரிஞ்சு தெரிய ஆரம்பிக்கும், 60, 70 மடங்குல நல்லா இருக்கும். இன்னொரு விஷயமும் தெரிஞ்சிக்கோங்க, 2025 மார்ச்ல வளையம் நமக்கு விளிம்ப மட்டும் காட்டிக்கிட்டு இருந்துச்சு, அதுக்கப்புறம் வருஷா வருஷம்தான் மெல்லத் திறக்குது. இந்தக் காலத்துல பாத்து ஒல்லியாத் தெரிஞ்சா கருவி மேல சந்தேகப்படாதீங்க.

அதனால என் முடிவு இது. வானத்துல எது எங்க இருக்குன்னு இன்னும் தெரியாதவங்க முதல்ல 10×50 வாங்குங்க. நிலா, சனி, வியாழன் இது மட்டும்தான் என் ஆசைன்னு உறுதியா இருக்கவங்க பைனாகுலர்ல காசு போடாதீங்க, டெலஸ்கோப்தான் உங்களுக்கு, ஆனா நான் வாங்குன மாதிரி ஒல்லிக் காலுள்ளது வேண்டாம். மேசை மேல வைக்கிற டாப்சோனியன்னு ஒண்ணு இருக்கு, ட்ரைபாடே கிடையாது, ஒரு மரப்பெட்டி மாதிரி தாங்கி மேல குழாய் உக்காந்திருக்கும், கையால தள்ளித் திருப்புறதுதான். 114ஓ 130ஓ மில்லிமீட்டர் கண்ணாடி, தட்டினா ஒண்ணு ரெண்டு செகண்டுல ஆட்டம் நிக்கும். 130க்கு 650 ஃபோகல் லென்த்துன்னா 25 மில்லிமீட்டர் ஐபீஸ்ல 26 மடங்கு, 10ல 65 மடங்கு, சனிக்கு இது போதும். அதோட ப்ளாஸல்ன்ற வகையில 25 மில்லிமீட்டர் ஐபீஸ்ல கிட்டத்தட்ட ரெண்டு டிகிரி வானம் தெரியுறதால தேடுறதும் கஷ்டமில்ல. ஆனா அத வைக்க ஆடாத உறுதியான ஸ்டூல் ஒண்ணு வேணும், அதையும் யோசிச்சுக்கோங்க.

டெலஸ்கோப் பாக்கும்போது ஒரு வகைய மட்டும் தவிர்த்துடுங்க. கண்ணாடி வச்ச நியூட்டோனியன் டெலஸ்கோப்ல குழாயோட நீளம் ஃபோகல் லென்த்துக்குக் கிட்டத்தட்ட சமமா இருக்கணும். 114க்கு 1000னு எழுதியிருக்கும், ஆனா குழாய் அரை மீட்டர்தான் இருக்கும், அப்போ ஃபோகஸ் குழலுக்குள்ள ஒரு லென்ஸ ஒளிச்சு வச்சு நீளத்த இழுத்திருக்காங்கன்னு அர்த்தம். விலை மலிவான இந்த வகையில படம் கூர்மையா வராது, கண்ணாடிய நேர் பண்றதும் தலைவேதனை. குழாய் குட்டையா இருந்தும் நல்லா இருக்குற மக்சுடோவ்னு ஒரு டிசைன் தனியா இருக்கு, அதுல ஐபீஸ் குழாயோட பின்னாடி இருக்கும், நியூட்டோனியன்ல பக்கவாட்டுல இருக்கும், அத வச்சு பிரிச்சுக்கலாம்.

என் டெலஸ்கோப் பெட்டில ஐபீஸ்ல திருகுற ஒரு கறுப்புக் கண்ணாடியும் இருந்துச்சு, சூரியனப் பாக்கன்னு எழுதி. அத நான் வித்தப்போ கூட குடுக்கல, உடைச்சுத்தான் போட்டேன். லென்ஸ் குவிக்கிற சூரிய வெப்பம் முழுசும் அந்தச் சின்ன கண்ணாடி மேலதான் விழும், அது பாத்துக்கிட்டு இருக்கும்போதே வெடிச்சா கண்ணு அந்த நொடியே போயிடும். வீட்டுல குழந்தைங்க இருந்தா அந்தப் பொருள் பெட்டிக்குள்ளகூட இருக்கக் கூடாது. பைனாகுலராலயும் சூரியன் பக்கம் திரும்பவே கூடாது, பகல்ல அத எங்க வைக்கிறோம், யார் எடுப்பாங்கன்றதுலயும் கவனம் வேணும்.

ஏற்கனவே என்னோடது மாதிரி டெலஸ்கோப் வீட்டுல இருக்கவங்க அத விக்க அவசரப்பட வேணாம், எனக்கு இதெல்லாம் தெரிஞ்சப்போ வித்து முடிச்சாச்சு. 4 மில்லிமீட்டர் ஐபீஸையும் பார்லோவையும் தனியா எடுத்து வச்சிடுங்க. ட்ரைபாட் கால நீட்டாம முழுசா உள்ள தள்ளி, நாற்காலில உக்காந்து பாருங்க, நடுவுல இருக்குற தட்டுல ஒரு தண்ணி பாட்டிலத் தொங்க விடுங்க, ஆட்டம் பாதியா குறையும். பகல்லயே தூரத்துல ஒரு டவர் உச்சிய டெலஸ்கோப்போட நடுவுல வச்சிட்டு, ஃபைண்டரோட திருகுகளத் திருகி அதுலயும் அதே உச்சி நடுவுல வர்ற மாதிரி பண்ணிடுங்க, இத ராத்திரில பண்ணப் பாத்தா நட்சத்திரம் நகர்ந்துக்கிட்டே இருக்கும், கஷ்டம். அப்புறம் 20 மில்லிமீட்டர் ஐபீஸோட நிலா, வியாழன், சனி இதுக்கு மட்டும் அத வச்சுக்கோங்க. 35 மடங்குல சனி ரொம்பச் சின்னதாத்தான் தெரியும், ஆனா வளையம் கொஞ்சம் திறந்திருக்குற வருஷம்னா அது வளையம்தான்னு தெரியுற அளவுக்கு இருக்கும். 10 மில்லிமீட்டர்ல ஒரு சாதாரண ப்ளாஸல் ஐபீஸ் மட்டும் தனியா வாங்கிப் போட்டா 70 மடங்கு வரும், 70 மில்லிமீட்டர் லென்ஸும் அந்த ஸ்டாண்டும் ஒழுங்காத் தாங்குறது அதுவரைக்கும்தான். ஐபீஸ் வாங்கும்போது குழலோட விட்டம் ஒன்னேகால் இஞ்ச்சான்னு அளந்துட்டு வாங்குங்க, சில பழைய மாடல்ல ஒரு இஞ்ச்சுக்கும் கொஞ்சம் கம்மியா இருக்கும், புது ஐபீஸ் அதுல நுழையாது.